பத்துப் பேரிடம் கேட்கும் ஐந்து கேள்விகள்

"இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "கட்டாயம் வாங்குவேன்" என்றுதான் சொல்வார்கள். கேட்பவரின் மனம் நோகக்கூடாது என்ற நினைப்பு ஒரு காரணம். வாயால் சொல்வதற்குக் காசு செலவில்லை என்பது இன்னொன்று. அதனால் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்காமல், ஏற்கெனவே நடந்ததைக் கேட்க வேண்டும். ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013இல் வெளியிட்ட 'தி மாம் டெஸ்ட்' என்ற நூலின் அடிப்படையும் இதுவே.

குடியிருப்புப் பகுதி ஒன்றில் சிறுதானிய இட்லி மாவு விற்க ஒருவர் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவு வாங்கும் பழக்கமுள்ள பத்து வீடுகளை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். உறவினரும் நண்பர்களும் அதில் வேண்டாம். தன் திட்டத்தைச் சொல்லாமல், எல்லோரிடமும் ஒரே வரிசையில் இவற்றைக் கேட்கலாம்:

1. கடைசியாக எப்போது, எங்கே மாவு வாங்கினீர்கள்?
2. எவ்வளவு வாங்கினீர்கள், என்ன விலை?
3. அந்த மாவை எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?
4. அதில் என்ன சிரமம் ஏற்பட்டது?
5. அதைச் சமாளிக்க என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது?

ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்வது நல்லது. "வழக்கமாக" என்று யாராவது தொடங்கினால், "போன வாரம் என்ன செய்தீர்கள்?" என்று குறிப்பான நிகழ்வுக்குத் திருப்ப வேண்டும்.

பேச்சினிடையே எட்டுப் பேர் சிறுதானியம் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். ஆனால் கடந்த மாதம் அதை வாங்கியவர் ஒருவரே. மாறாக, ஆறு வீடுகளில் மாவு மூன்றாம் நாளே புளித்துவிடுகிறது. அவர்களில் நால்வர், விலை சற்றுக் கூடினாலும் அரைக்கிலோ பாக்கெட்டாக வாங்குகிறார்கள். பணம் எங்கே போகிறது என்பதை இந்த நால்வர் காட்டிவிடுகிறார்கள். புளிக்காத மாவுக்கு அவர்கள் இப்போதே கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிறுதானியத்துக்குக் கிடைத்தது பாராட்டு மட்டுமே.

கடைசியாக அந்த நால்வரிடம் திரும்பச் சென்று, ஒருநாள் விட்டு ஒருநாள் புதிதாக அரைத்த அரைக்கிலோ மாவு, இன்ன விலை என்று சொல்லி, ஒரு வார முன்பணம் கேட்க வேண்டும். பணம் கொடுத்தால் தேவை உண்மையானது. "ஆரம்பித்ததும் சொல்லுங்கள்" என்றால் அது மரியாதையான மறுப்பு.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பத்தில் நான்கு பேர் என்பதை வைத்து, ஊரில் நாற்பது சதவீதம் பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் போட முடியாது. என்ன சிரமம் இருக்கிறது என்பதைப் பத்துப் பேர் காட்டுவார்கள். எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை விற்பனைதான் காட்டும். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னால், தேர்ந்தெடுத்தவர்கள் ஒரே வகையினர் இல்லை என்று பொருள். அப்போது ஒரு வகையினரை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி பத்து வீடுகளில் கேட்க வேண்டும்.