எண்ணெய் இல்லாமல் அப்பளம்

உளுந்து அப்பளத்தை அடுப்புத் தீயில் சுடும்போது பலர் அதைத் தீயின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். பொரிவதற்குள் அங்கங்கே கருகிவிடுகிறது. இடுக்கியால் பிடித்து, மிதமான தீக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். நொடிக்கு ஒரு தடவையாவது புரட்ட வேண்டும். அப்பளத்தில் இருக்கும் கொஞ்ச ஈரம் ஆவியாகி மாவை உப்ப வைக்கிறது. அதனால்தான் கொப்புளங்கள் எழுகின்றன. முதலில் ஓரங்களைச் சுற்றிச் சுடுங்கள், கடைசியில் இடுக்கி பிடித்த இடத்தை. அங்கேதான் பச்சையாக நின்றுவிடும். கண்ணாடி போல் மங்கிய மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. மொத்தம் அரை நிமிடம் கூட ஆகாது.

மைக்ரோவேவில் கருகும் பயம் குறைவு, ஆனால் சுட்ட மணம் வராது. ஒவ்வொன்றாக வையுங்கள். முழு வேகத்தில் முப்பது நொடி ஓடவிட்டு, பச்சைத் திட்டு இருந்தால் திருப்பிப் போட்டு இன்னும் பத்து நொடி. எடுத்தவுடன் தொய்வாக இருக்கும்; ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். அவசரப்பட்டு மறுபடி உள்ளே வைத்தால் நடுவில் தீய்ந்துபோகும். மழைக்காலத்தில் நமுத்த அப்பளத்துக்குச் சில நொடி கூடுதலாகத் தேவைப்படும்.