மூன்று சுற்று ஓட்டமும் நான்கு வரிக் குறிப்பும்

பருவத் தேர்வு முடிந்து ரிப்போர்ட் கார்டு வீட்டுக்கு வருகிறது. கணக்கு, அறிவியல் என்று மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும் பெற்றோர், கடைசியில் உடற்கல்விக்கு வந்து சேரும்போது அங்கே ‘ஏ கிரேடு. குட். கீப் இட் அப்’ என்றிருக்கும். வகுப்பில் உள்ள நாற்பது பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதே வாசகம்தான். மீதிப் பேருக்கு ‘இன்னும் முயற்சி தேவை’. எதில் முயல வேண்டும், எப்படி முயல வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை.

இதற்காகப் பி.இ.டி. ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமாகாது. பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கிறார். காலை வழிபாட்டு வரிசை, விளையாட்டு விழா, வட்டார அளவிலான போட்டிகள் எல்லாம் அவர் தலையில்தான். ஆனாலும் வேறெந்த ஆசிரியருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். பிள்ளை எங்கே பயப்படுகிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது, மூச்சு வாங்கும்போது என்ன செய்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். அது கார்டில் ஏறுவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 600 மீட்டர் ஓட்டமும் உண்டு. ஓட முடியாதபோது நடக்கலாம். 200 மீட்டர் தடம் போட்ட மைதானத்தில் அது மூன்று சுற்று. விசில் அடித்ததும் இவள் முன்னால் ஓடுகிறவர்களோடு சேர்ந்து பறக்கிறாள். முதல் சுற்று 50 வினாடியில் முடிகிறது. இரண்டாம் சுற்றின் பாதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். மீதியை நடந்தும் ஓடியும் முடிக்கும்போது கடிகாரம் 4 நிமிடம் 5 வினாடி காட்டுகிறது.

கார்டில் ‘உடல்திறன் போதாது’ என்று எழுதினால், பிள்ளைக்குத் தெம்பில்லை என்று வீட்டில் நினைப்பார்கள். ‘நன்றாக முயல்கிறாள்’ என்று எழுதினால் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இரண்டுமே உண்மையைத் தவறவிடுகின்றன. அவளிடம் வேகம் இருக்கிறது. அதைப் பிரித்துச் செலவழிக்கத் தெரியவில்லை. ஆசிரியர் அடுத்த சில வாரங்களில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். முதல் சுற்றை 65 வினாடிக்கு முன்னால் முடிக்கக் கூடாது, பக்கத்தில் ஓடும் தோழியிடம் ஒரு சின்ன வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும் என்கிறார். பருவ முடிவில் அவள் எங்கும் நிற்காமல் 3 நிமிடம் 25 வினாடியில் முடிக்கிறாள்.

இனி குறிப்பு இப்படி அமையலாம்: ‘600 மீட்டர் ஓட்டத்தில் முதல் சுற்றிலேயே முழு வேகத்தில் ஓடி, இரண்டாம் சுற்றில் நின்றுவிடுவாள். இப்போது வேகத்தை அளந்து ஓடக் கற்றுக்கொண்டு, மூன்று சுற்றையும் நிற்காமல் முடிக்கிறாள். 4 நிமிடம் 5 வினாடியிலிருந்து 3 நிமிடம் 25 வினாடிக்கு வந்திருக்கிறாள். மூன்றாம் சுற்றில் மட்டும் இன்னும் தளர்கிறாள். வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் வீட்டருகே யாருடனாவது ஓடட்டும்.’

நான்கே வரி. எங்கே தொடங்கினாள், எதை மாற்றினாள், எது பாக்கி, வீட்டில் என்ன செய்யலாம் என்பது அத்தனையும் வந்துவிட்டது. அவளை வேறு யாரோடும் ஒப்பிடவில்லை. ஒப்பீடு முழுக்க அவளுடைய பழைய ஓட்டத்தோடுதான். இதில் ஒரு கவனம் தேவை. வளரும் பிள்ளைக்குக் கால் நீள்வதாலேயே ஆண்டுக்கு ஆண்டு நேரம் குறையும். ஆகவே ஒரே பருவத்துக்குள் எடுத்த இரண்டு அளவுகளை வைத்துப் பேசுவது நல்லது. வினாடிக் கணக்கைவிட ‘நிற்காமல் ஓடுகிறாள்’ என்ற மாற்றத்தை முன்னால் வைப்பதும் அதனால்தான்.

இத்தனை பேருக்கும் இப்படி எழுதச் சரக்கு எங்கிருந்து வரும்? கார்டு எழுதும் நாளில் உட்கார்ந்து யோசித்தால் வராது. ஒவ்வொரு பீரியடிலும் ஐந்து பிள்ளைகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்து, முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரி நோட்டில் எழுதினால், வாரம் இரண்டு பீரியட் கணக்கில் நான்கு வாரத்தில் நாற்பது பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். ‘சுறுசுறுப்பு’, ‘சோம்பல்’ போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை. கண்ணால் கண்ட செயல் மட்டும் போதும். ‘பந்து முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை மூடித் தலையைத் திருப்புகிறான்’ என்பது போல. எழுதிய குறிப்பு நல்ல குறிப்பா என்று சோதிக்க, பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். வகுப்பில் வேறு யாருக்கும் அது பொருந்தினால் திருத்த வேண்டியதுதான்.

பந்துக்குப் பயப்படும் அந்தப் பையனைப் பற்றி ‘பயந்த சுபாவம்’ என்று எழுதிவிட்டால், அது அவனுடைய குணம் என்று வீட்டில் முத்திரை குத்திவிடுவார்கள். ‘வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கண்ணை மூடுகிறான்; மெதுவாக வருவதைப் பத்துக்கு ஏழு முறை பிடிக்கிறான். பலூனிலோ துணிப்பந்திலோ தினமும் ஐந்து நிமிடம் பிடித்துப் பழகட்டும்’ என்றால், அப்பா பலூன் வாங்கி வருவார். கனிவு என்பது இங்கே இனிப்பான சொற்களைத் தேடுவதால் வருவதில்லை. குறையைப் பிள்ளையின் மேல் ஏற்றாமல் செயலின் மேல் வைப்பதால் வருகிறது.

எழுதவே கூடாத சில உண்டு. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. சோதனைப் பட்டியலில் இருக்கலாம். ஆனால் ‘எடையைக் குறைக்க வேண்டும்’ என்ற வரி கார்டில் வந்தால், அதைப் பாட்டியும் படிப்பார், அண்ணனும் படிப்பான், பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் அதே பேச்சாகிவிடும். மைதானத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதை எழுதினாலே போதும். ஓடி முடித்த சில நிமிடங்களில் ஒருவனுக்கு இருமலும் மூச்சில் விசில் சத்தமும் வந்தால், அதற்காகக் கார்டு வரும்வரை காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே பெற்றோரை அழைத்து, கண்டதைச் சொல்லி, மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்வது ஆசிரியர் வேலை அல்ல.

நன்றாக விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் மிகவும் வெறுமையான குறிப்புகள் கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கோ-கோ அணியின் நட்சத்திரத்துக்கு ‘சிறந்த வீரன்’ என்பதோடு சரி. ஆனால் துரத்தும்போது அவன் தானே தொட்டுவிடலாம் என்று கடைசிவரை ஓடுகிறான், உட்கார்ந்திருப்பவனுக்குத் தாமதமாகக் ‘கோ’ கொடுக்கிறான், அதற்குள் எதிரணி ஆள் திசை மாறிவிடுகிறான். இதைக் கார்டில் சொன்னால் அவனுக்கும் அடுத்த பருவத்துக்கு ஒரு வேலை கிடைக்கும்.

கிரேடைப் பற்றியும் ஒன்று. இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன; கிரேடோடு சேர்த்துக் குறிப்பைப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது போலும். கிரேடை நீக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. ஆனால் கார்டு கொடுப்பதற்கு முந்தைய பீரியடில், அவரவர் குறிப்பைப் பிள்ளையிடம் தனியாக வாசித்துக் காட்டலாம். பிள்ளை மறுத்தால் திருத்தவும் அது வாய்ப்பு. ‘சார், அன்னைக்கு எனக்குக் கால்ல அடி’ என்று ஒரு பையன் சொன்னால், நோட்டில் இல்லாத காரணம் கிடைத்துவிடும்.

வீட்டு வேலையும் வீட்டுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். மாடிக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஓட்டத்துக்குப் பதில் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் கயிறு சொல்லலாம். பெற்றோர் தமிழ் மட்டும் படிப்பவர்கள் என்றால், பள்ளி ஆங்கில வழியாக இருந்தாலும் குறிப்பைத் தமிழில் எழுத அனுமதி கேட்டுப் பெறுவது நல்லது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ‘வீட்டில் செய்து பார்த்தது’ என்று ஒரு வரி காலியாக விட்டால், அடுத்த பருவத்தில் ஆசிரியருக்கு நோட்டைத் தொடங்க அதுவே முதல் வரியாகும்.