ஏழு எண்களில் ஒரு கை

ஓர் அனிமேஷன் காட்சி. பாட்டி ஒருத்தி கை வீசி நடந்து வருகிறாள். மேசையருகே வந்ததும் வலது கையை அதன்மேல் ஊன்றிக் குனிகிறாள். நடக்கிற வரை அவள் கை தோளிலிருந்து ஊசலாட வேண்டும். ஊன்றிய பிறகோ, உடம்பு எப்படி அசைந்தாலும் உள்ளங்கை மேசையை விட்டு இம்மியும் நகரக் கூடாது.

இந்த இரண்டு வேலைகளுக்கும் இரண்டு முறைகள் இருக்கின்றன. முதலாவது ஃபார்வர்ட் கைனமேடிக்ஸ், சுருக்கமாக எஃப்.கே. தோளைத் திருப்பினால் முழங்கையும் மணிக்கட்டும் கூடவே சுழன்று போகும். வீச்சுக்கு இதுதான் அழகு. இரண்டாவது இன்வர்ஸ் கைனமேடிக்ஸ், ஐ.கே. இதில் கை எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் அனிமேட்டர் சொல்வார். தோளும் முழங்கையும் எவ்வளவு திரும்பினால் அது நடக்கும் என்பதை மென்பொருள் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரே காட்சியில் இரண்டும் தேவைப்படுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ ஒரு ஸ்விட்ச் வேண்டும். அதை அமைத்துத் தருவது ரிக்கரின் வேலை.

ஸ்விட்ச் என்பது பெரிய வித்தை அல்ல. மாயா மென்பொருளில் ஒரே கைக்கு மூன்று எலும்புத் தொடர்களைச் செய்வார்கள்: எஃப்.கே.க்கு ஒன்று, ஐ.கே.க்கு ஒன்று, தோல் ஒட்டியிருக்கும் உண்மையான கை ஒன்று. மூன்றாவது தொடர் மற்ற இரண்டில் எதைப் பின்பற்ற வேண்டும் என்பதை 0 முதல் 1 வரை போகும் ஒரே ஒரு எண் தீர்மானிக்கும். 0 என்றால் எஃப்.கே., 1 என்றால் ஐ.கே.

சிக்கல் ஸ்விட்சைப் போட்ட கணத்தில் தொடங்குகிறது. 47-ஆம் ஃபிரேம் வரை எஃப்.கே. கையை வீசிக்கொண்டு வந்தோம். அதுவரை ஐ.கே. தொடரை யாரும் தொடவில்லை. கடைசியாக விட்ட இடத்திலேயே அது நிற்கிறது. 48-ஆம் ஃபிரேமில் ஸ்விட்சை 1-க்குத் தள்ளினால், நொடியில் 24-இல் ஒரு பங்குக்குள் பாட்டியின் கை வேறெங்கோ குதித்துவிடும். ஆகவே மாறுவதற்கு முன்பே ஐ.கே. கை எஃப்.கே. கையின்மேல் அச்சாகப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இதைத்தான் மேட்ச்சிங் என்கிறார்கள்.

அப்படி அச்சாக உட்கார முடியுமா? எண்ணிப் பார்த்தால் தெரியும். தோள் மூன்று அச்சுகளில் திரும்பும், முழங்கை ஒரே அச்சில் மடங்கும், மணிக்கட்டு மூன்று: மொத்தம் ஏழு எண்கள். ஐ.கே. பக்கம், கை இருக்கும் இடத்துக்கு மூன்று, கை பார்க்கும் திசைக்கு மூன்று. ஆறுதான் வருகிறது. ஏழாவது எது என்று அறிய உங்கள் உள்ளங்கையை மேசையில் ஊன்றுங்கள். கையையும் தோளையும் அசைக்காமல் முழங்கையை மட்டும் மேலும் கீழும் ஆட்ட முடிகிறதல்லவா, அந்தச் சுழற்சிதான் ஏழாவது. ரிக்கில் அதைப் பிடிப்பது போல் வெக்டர் என்ற சிறிய கண்ட்ரோல். அது இருக்கும் திசையை நோக்கி முழங்கை மடங்கும்.

இருபுறமும் ஏழு என்பதால் கணக்கு நேராகிறது. எஃப்.கே. முழங்கையை மூன்று அச்சிலும் திரும்பவிட்டால் ஒன்பதாகிவிடும். மிஞ்சுகிற இரண்டை ஐ.கே.யில் வைக்க இடமில்லை. முழங்கை இருக்கும் இடம் சரியாகவே வரும், ஆனால் முன்கையின் தோல் முறுக்கிக்கொள்ளும். அதனால் முழங்கையின் மற்ற இரண்டு அச்சுகளையும் பூட்டி வைப்பதே என் கட்சி. அனிமேட்டர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

ஐ.கே.யிலிருந்து எஃப்.கே.க்குத் திரும்புவது எளிது. உண்மையான கையின் எலும்புகள் எப்படித் திரும்பியிருக்கின்றனவோ அதை `matchTransform` கட்டளையால் எஃப்.கே. கண்ட்ரோல்களுக்கு நகலெடுத்தால் போதும். தோள், முழங்கை, மணிக்கட்டு என்ற வரிசை முக்கியம். மணிக்கட்டை முதலில் சரிசெய்தால், பிறகு தோளைத் திருப்பும்போது அது கலைந்துவிடும்.

மறுதிசையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கை இருக்கும் இடத்தை நகலெடுப்பதில் தொல்லையில்லை, திசையில்தான் ஒரு கண்ணி. மணிக்கட்டு எலும்பின் அச்சு எலும்பின் போக்கில் இருக்கும், ஐ.கே. கண்ட்ரோலையோ பெரும்பாலும் தரைக்கு நேராக அமைத்திருப்பார்கள். அப்படியே நகலெடுத்தால் கை 90 பாகை முறுக்கி நிற்கும். ரிக் செய்யும்போதே எஃப்.கே. மணிக்கட்டின் கீழ், ஐ.கே. கண்ட்ரோலின் திசையிலேயே ஒரு லொக்கேட்டரை மறைத்து வைத்துவிட்டு, பிற்பாடு அதிலிருந்து நகலெடுக்க வேண்டும்.

மிச்சம் போல் வெக்டர். மேற்கை 20 செ.மீ., முன்கை 15 செ.மீ. என்று கொள்வோம். முழங்கை செங்கோணமாக மடங்கியிருந்தால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நேர்தூரம் 25. அந்த நேர்கோட்டுக்கு முழங்கையிலிருந்து செங்குத்து இறக்கினால் அது தோளிலிருந்து 16 செ.மீ. தள்ளி விழும், அதன் நீளம் 12. அந்தப் புள்ளியிலிருந்து முழங்கை வழியாக அதே திசையில் இன்னும் 40 செ.மீ. வெளியே போனால் போல் வெக்டரின் இடம் கிடைத்துவிடும். எவ்வளவு தூரம் என்பது நம் இஷ்டம், திசைதான் பேச்சு. பைத்தானில் இவ்வளவுதான்:

```python
def pos(n):
    return om.MVector(cmds.xform(n, q=True, ws=True, t=True))

a, b, c = pos('fk_shoulder'), pos('fk_elbow'), pos('fk_wrist')
ac = c - a
p = a + ac * (((b - a) * ac) / (ac * ac))
pole = b + (b - p).normal() * 40
```

செங்குத்துக்குப் பதில் நேர்கோட்டின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. மடங்கிய கையில் அதுவும் வேலை செய்யும். நீட்டிய கையில் கவிழ்த்துவிடும். கை முழுக்க நீண்டால் நடுப்புள்ளி 17.5-இல், முழங்கை 20-இல். இரண்டையும் இணைக்கும் திசை கையின் போக்கிலேயே போகிறது. முழங்கை எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதற்கு அதில் துப்பே இல்லை.

நீட்டிய கையில் செங்குத்து முறைக்கும் சோதனைதான், ஏனென்றால் செங்குத்தின் நீளம் பூஜ்யமாகிவிடுகிறது. அங்கே வேறு வழி போக வேண்டும்: முழங்கை எலும்பு எந்த அச்சில் மடங்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த அச்சுக்கும் கையின் போக்குக்கும் செங்குத்தாக இருக்கிற, மடங்கும் பக்கத்துத் திசையை எடுத்துக்கொள்ளலாம். செங்குத்து 0.01 செ.மீ.க்குக் குறைந்தால் இந்தப் பாதை என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டால் போதும். முழங்கையைப் பின்பக்கமாகச் சில பாகை மடக்கும் பழக்கம் சில அனிமேட்டர்களுக்கு உண்டு. அப்போது போல் வெக்டர் எதிர்ப்பக்கம் போய் விழ, ஐ.கே. மேற்கையை 180 பாகை புரட்டிப்போட்டு அந்த இடத்தை எட்டும். அத்தகைய போஸ்களை எஃப்.கே.யிலேயே விட்டுவிடுவது நல்லது.

நீட்டிய கை இன்னொரு விதத்திலும் முரண்டு பிடிக்கும். 35 செ.மீ. நேராக நீண்ட கையில் மணிக்கட்டை ஒரே ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால், முழங்கை 1.3 செ.மீ. வெளியே துள்ளும். ஸ்விட்ச் துல்லியமாக இருந்தாலும் அடுத்த ஃபிரேமில் கை உதறுகிறதே என்று புகார் வந்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மாறும் ஃபிரேமில் கையைக் கொஞ்சம் மடக்கி வைக்கச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனி கீ போடும் வேலை. 47-இல் எஃப்.கே. கண்ட்ரோல்களுக்கும், 48-இல் மேட்ச் ஆன ஐ.கே. கண்ட்ரோல்களுக்கும் கீ போட வேண்டும். ஸ்விட்ச்சின் கீ ஸ்டெப்டு வகையாக இருக்கட்டும். மென்மையான வளைவை விட்டால், முந்தைய ஃபிரேம்களிலேயே எண் 0.2, 0.5 என்று ஏறி, இன்னும் இடம் சேராத ஐ.கே. தொடர் கையைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கிவிடும்.

செய்து முடித்ததும் கையை ஏதோ ஒரு போஸில் வைத்து, மாறுவதற்கு முன்னும் பின்னும் முழங்கை, மணிக்கட்டு இரண்டின் இடத்தையும் திசையையும் எண்களாக எடுத்து ஒப்பிட வேண்டும். கண்ணை நம்ப வேண்டாம். அடுத்து, பாட்டி முழுவதையும் தரையிலிருந்து நகர்த்தி, சாய்த்து, 130 பாகை திருப்பி அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஆரம்ப நிலையில் ஒழுங்காக நடந்த ஸ்விட்ச் இங்கே பிசகினால், எங்கோ ஒரு வரியில் உலக அச்சுக்குப் பதில் உள்ளூர் அச்சின் மதிப்பைப் படித்திருக்கிறோம் என்று பொருள்.