குதிகால் ஏன் எழவில்லை?

ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வலது கணுக்காலின் உட்புறம், துருத்திய எலும்புக்குப் பின்னால் சில மாதங்களாக வலி, லேசான வீக்கம். அடிபட்டதாக நினைவில்லை. சுளுக்கு என்று தைலம் தேய்த்துவந்தார். இப்போது ஈரக்காலோடு நடந்தால் வலது பாதம் முழுதாகத் தரையில் பதிகிறது. நடுவே இருந்த வளைவைக் காணோம்.

மருத்துவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொல்கிறார். முடியவில்லை. உடலைத் தூக்க வேண்டிய கெண்டைக்கால் தசையோ நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் எழவில்லை?

விடை, அந்த எலும்புக்குப் பின்னால் ஓடும் ஒரு தசைநாணில் இருக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்க்கயிறுதான் தசைநாண். முழங்காலுக்குக் கீழே ஆழத்தில் உள்ள ஒரு தசையிலிருந்து இறங்கும் இது, ராட்டினத்தில் கயிறு திரும்புவதுபோல் கணுக்கால் எலும்பைச் சுற்றித் திரும்பி, பாத வளைவின் உச்சியில் உள்ள படகெலும்பைப் பற்றுகிறது. அங்கிருந்து விரல் போல விரிந்து, அடிப்பாதத்தின் வேறு பல எலும்புகளையும் பிடித்துக்கொள்கிறது.

இது நகரும் தூரம் ஓரிரு சென்டிமீட்டர்தான். ஆனால் அந்தச் சிறு இழுப்பு குதிகாலை உள்நோக்கித் திருப்புகிறது. உடனே நடுப்பாதத்தில் அருகருகே உள்ள இரண்டு மூட்டுகளின் அச்சுகள் ஒன்றுக்கொன்று கோணலாகி, அசைய முடியாமல் பூட்டிக்கொள்கின்றன. தரையில் பதியும்போது குழைந்து மேடுபள்ளத்துக்கு இணங்கிய பாதம், அடுத்த கணம் விறைத்த நெம்புகோல் ஆகிறது. கெண்டைக்கால் தசை இழுக்க வேண்டியது அந்த நெம்புகோலைத்தான். பூட்டு விழாவிட்டால் அதன் வலிமை எல்லாம் நடுப்பாதம் வளைவதிலேயே வீணாகிறது. ஒவ்வோர் அடியிலும் இந்தப் பூட்டு திறந்து மூடுகிறது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

படகெலும்பிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மேலே, கயிறு திரும்பும் இடத்தருகில், இரத்த ஓட்டம் குறைந்த ஒரு சிறு பகுதி உண்டு. அதிகம் உரசும் இடத்தில் பழுதுபார்ப்பு குறைவு. நார்கள் மெல்லத் தடித்து, நைந்து, நீள்கின்றன. நாற்பதைக் கடந்த பெண்களிடம் இது அதிகம். உடல் எடை, சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கயிறு நீண்டதும் வளைவின் சுமை அடியிலுள்ள தசைநார்கள் மேல் விழுகிறது. அவையும் தளர, குதிகால் வெளிப்பக்கம் சாய்கிறது. பின்னாலிருந்து பார்த்தால், வழக்கமாகத் தெரியும் ஒன்றிரண்டு விரல்களுக்குப் பதில் மூன்று நான்கு தெரியும்.

பாதத்தைக் கையால் பிடித்துப் பழைய வடிவுக்குத் திருப்ப முடிகிறதா என்பது அடுத்த முக்கியக் கேள்வி. முடிந்தால் வளைவுதாங்கி, கணுக்கால் பட்டை, படிப்படியான தசைப்பயிற்சி ஆகியவற்றால் பலருக்கு வலி குறையும். விறைத்துப்போன பிறகு வலி பெரும்பாலும் வெளிப்புறத்துக்கு மாறும். அந்த நிலையில் அறுவை தேவைப்பட்டால், மூட்டுகளையே ஒட்டவைக்க வேண்டியிருக்கும்.

வளையும் நிலையிலேயே அறுவை செய்ய நேர்ந்தால், உதவிக்கு வருவது பக்கத்திலேயே ஓடும் இன்னொரு தசைநாண். சிறு விரல்களை மடக்குவது அதன் வேலை. அதை வெட்டிப் படகெலும்பில் பொருத்துகிறார்கள். அது பழைய தசையை விட மிகவும் வலுக் குறைந்தது. அதனால் குதிகால் எலும்பையும் அறுத்துச் சற்றே உட்பக்கம் நகர்த்தி, புதிதாகப் பொருத்திய தசைநாணின் சுமையைக் குறைக்கிறார்கள். விரல்கள் பெரும்பாலும் பழையபடி மடங்கும், ஏனெனில் பெருவிரலை மடக்கும் தசைநாண் உள்ளங்காலில் ஓர் இணைப்பு வழியே மற்ற விரல்களையும் இழுக்கிறது.