ஒரு கோடிப் பேர், 12 கிலோபைட்

ஒரு செய்தித்தளத்துக்கு இன்று எத்தனை பேர் வந்தார்கள்? காலையில் வந்தவரே மாலையிலும் வந்தால் அவரை ஒருமுறைதான் எண்ண வேண்டும். அதற்கு வந்தவர் எல்லோருடைய அடையாள எண்ணையும் சேர்த்து வைக்க வேண்டும். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றாலும் ஒரு கோடிப் பேருக்கு 80 மெகாபைட். ஒவ்வொரு கட்டுரைக்கும், ஒவ்வொரு நாளுக்கும் இப்படி வைத்தால் கட்டுப்படியாகாது.

ஃபிலிப் ஃப்ளஜோலே என்ற பிரெஞ்சு அறிஞரும் அவருடன் மூவரும் 2007இல் வெளியிட்ட ஹைப்பர்லாக்லாக் முறை அடையாளங்களைச் சேர்த்து வைப்பதே இல்லை. ஒவ்வொரு அடையாள எண்ணையும் ஹாஷ் கணக்கில் போட்டு, 0, 1 என்ற 64 இலக்கங்களாக மாற்றுகிறது. பார்வைக்குத் தாறுமாறாக இருக்கும். ஆனால் ஒரே ஆளுக்கு எப்போதும் அதே இலக்கங்கள்தான் வரும். காசு சுண்டும்போது தொடர்ந்து பத்து முறை பூ விழுவது 1,024இல் ஒரு முறைதான் நடக்கும். அதுபோல, ஒரு ஹாஷின் தொடக்கத்தில் பத்து சுழியங்களைக் கண்டால், ஏறக்குறைய ஆயிரம் பேராவது வந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். வந்தவரே திரும்ப வந்தால் அதே இலக்கங்கள். இருக்கும் உச்சம் மாறாது. இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

முதல் ஆளுக்கே தற்செயலாகப் பதினைந்து சுழியம் வந்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும். எனவே முதல் 14 இலக்கங்களைக் கொண்டு வருபவர்களை 16,384 அறைகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். மீதி இலக்கங்களில் கண்ட நீளமான சுழிய வரிசையை மட்டும் அந்தந்த அறை குறித்துக்கொள்ளும். அறைக்கு 6 பிட், ஆக மொத்தம் 12 கிலோபைட். பிறகு இசைச் சராசரி எடுக்கிறார்கள். அதிர்ஷ்டம் அடித்த ஓர் அறை மொத்தத்தையும் மேலே இழுத்துவிடாமல் அது தடுக்கும்.

பிழை எவ்வளவு என்பதும் முன்கூட்டியே தெரியும்: 1.04ஐ அறைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால், அதாவது 128ஆல், வகுத்தால் 0.81 சதவீதம். உண்மையில் ஒரு கோடிப் பேர் வந்திருந்தால், மூன்றில் இரண்டு முறை விடை 81,000க்குள்தான் விலகும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நினைவகம் தேவை.

ரெடிஸ் தரவுத்தளத்தில் இது தயாராகவே இருக்கிறது; கட்டளைகளின் முன்னெழுத்தான PF, ஃப்ளஜோலேயின் பெயரைக் குறிப்பது.

```
PFADD mon u42
PFADD tue u42 u77
PFCOUNT mon tue
```

இரு நாளையும் சேர்த்த விடை 2. அறைக்கு அறை பெரிய எண்ணை எடுத்தாலே போதும்.

இரு நாளும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் சிக்கல். திங்கள் 10 லட்சம், செவ்வாய் 10 லட்சம், இரண்டிலும் வந்தவர் 10,000 என்று வைப்போம். இரண்டையும் கூட்டி, சேர்த்த எண்ணிக்கையான 19.9 லட்சத்தைக் கழிக்க வேண்டும். அந்த 19.9 லட்சத்தின் பிழை மட்டுமே 16,000க்கு மேல். விடை எதிர்மறையாகக்கூட வரும். இதற்கு, ஹாஷ் மதிப்பு 100ஆல் மீதியின்றி வகுபடும் அடையாளங்களை மட்டும் இரு நாளும் சேமித்து ஒப்பிடுவது மேல். இரண்டிலும் சுமார் 100 பேர் அகப்படுவார்கள். அதை 100ஆல் பெருக்கினால் பத்து சதவீதப் பிழையில் விடை கிடைக்கும். நாளுக்குச் சுமார் 80 கிலோபைட் செலவாகும்.