41-ஆம் பக்கத்தில் இருந்த முடிவு

இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தரும் கைடு, ஓரத்தில் எழுதுவது பெரும்பாலும் இரண்டே வரிகள்தான்: 'கோர்வையாக இல்லை', 'மறுபடி எழுதவும்'. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தப் பக்கத்தில் கை வைப்பது என்று மாணவருக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுத்துருவை மாற்றுவார், மார்ஜினைச் சரிசெய்வார். மறுநாள் அதே ரிப்போர்ட் புது அச்சில் வந்து நிற்கும்.

சரக்கு இருந்தும் அடுக்கு சரியில்லாத ரிப்போர்ட்டுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கலாம். சிவில் துறையில் பழகிப்போன தலைப்பு: ஆற்று மணலுக்குப் பதிலாக கிரஷர் தூள் கலந்த கான்கிரீட். மாணவி எம்20 கலவையை எடுத்துக்கொண்டு, மணலில் 20, 40, 60 சதவீதத்தை கிரஷர் தூளாக மாற்றுகிறார். மாற்றாத கலவை ஒன்றும் உண்டு. 150 மி.மீ. கியூப்களாக வார்த்து, ஒவ்வொரு கலவையிலும் 7-ஆம் நாள் மூன்று, 28-ஆம் நாள் மூன்று என்று உடைத்துப் பார்க்கிறார். மொத்தம் 24 கியூப். உழைப்பில் குறையில்லை. (எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, ஆனால் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வரக்கூடியவைதான்.)

கடிதம் இப்படித் தொடங்கலாம்:

"அன்புள்ள மாணவிக்கு, உன் ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தேன். 28-ஆம் நாள் அட்டவணையில் சராசரியை மட்டும் போட்டு ஒப்பேற்றாமல், ஒவ்வொரு கியூபின் வலிமையையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறாய். மூன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை என்பதை ஐ.எஸ். 456-ஐக் காட்டிச் சொல்லியிருக்கிறாய். அந்த அட்டவணையைத் தொடாதே."

இதைப் பாராட்டு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அமைப்பை மாற்று' என்றால் பதறிப்போகும் மாணவர், நன்றாக இருக்கிற பகுதியையும் சேர்த்துக் கலைத்துவிடுவார். எதைக் கலைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'நல்ல முயற்சி' என்ற வரியால் அந்தக் காரியம் நடக்காது.

"உன் ரிப்போர்ட் நீ வேலை செய்த வரிசையில் போகிறது. சிமென்ட் வாங்கியது, சலித்தது, வார்த்தது, ஊற வைத்தது, உடைத்தது. 40 சதவீதம் வரை வலிமை கூடுகிறது, 60-இல் விழுகிறது என்பது 41-ஆம் பக்கத்தில், ஒரு பத்தியின் நடுவில் வருகிறது. அப்ஸ்ட்ராக்டில் அது இல்லவே இல்லை. அங்கே மணல் தட்டுப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய்."

வைவா அன்று எக்ஸ்டர்னல் முன்னால் ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருக்கும். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கப்போவதில்லை. அப்ஸ்ட்ராக்ட், பொருளடக்கம், முடிவுரை, பிறகு அட்டவணைகள் என்று புரட்டுவார். அந்த நாலு இடத்திலும் விடை கிடைக்காவிட்டால், விடை இல்லை என்றே நினைத்துக்கொள்வார்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "யுனிவர்சிட்டி ஃபார்மட்படிதானே சார் பண்ணியிருக்கேன்!" நியாயம்தான். சான்றிதழ், அப்ஸ்ட்ராக்ட், பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல், அத்தியாயங்கள் என்ற வரிசை மேலிருந்து வருவது; அதில் கை வைக்க முடியாது. ஆனால் அத்தியாயத்துக்குள் எந்தப் பத்திக்குப் பிறகு எந்தப் பத்தி என்று எந்த ஃபார்மட்டும் சொல்வதில்லை. கோளாறு இருப்பது அங்கேதான். இன்னொரு சாக்கு, இங்கிலீஷ் வராது என்பது. நல்ல இங்கிலீஷில் எழுதிய ரிப்போர்ட்டுகளிலும் இதே கோளாறைப் பார்க்கலாம்.

அடுத்து, செய்ய வேண்டிய வேலை. ஒன்றே ஒன்று போதும்:

"ரிப்போர்ட்டைத் திருத்தாதே. அச்செடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் 'இது என்ன சொல்கிறது' என்று பென்சிலால் ஒரே வரி எழுது. ஒரு வரியில் அடங்காத பத்தியில் இரண்டு விஷயம் இருக்கிறது, பிரி. ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் ஒன்றை எடு. பிறகு அந்த வரிகளை மட்டும் தனித் தாளில் எழுதி, மேலிருந்து கீழே படித்துப் பார்."

நான்காம் அத்தியாயத்துக்கு அப்படி எழுதினால் என்ன கிடைக்கும்? 22-ஆம் பக்கம்: '60 சதவீதக் கலவை இறுகிப்போனதால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தோம்.' 33-ஆம் பக்கம்: 'ஸ்லம்ப் 80, 65, 45, 60 மி.மீ.' 41-ஆம் பக்கம்: '60 சதவீதத்தில் வலிமை 29.6-இலிருந்து 24.2 ஆகக் குறைகிறது. காரணம் கிரஷர் தூள்.'

மூன்று வரியையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பாருங்கள். கிரஷர் தூளின் துகள்கள் கூர்முனை கொண்டவை, பொடியும் அதிகம். தூள் கூடக் கூட கலவை இறுகி ஸ்லம்ப் குறைய வேண்டும். 80, 65, 45 என்று ஒழுங்காக இறங்கி வந்தது, கடைசியில் 60-க்கு ஏறுகிறது. ஏறியதற்குக் காரணம் 22-ஆம் பக்கத்துத் தண்ணீர். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50-இலிருந்து 0.56 ஆகியிருக்கிறது. அந்த அளவு தண்ணீர் கூடினாலே, தூள் எதுவும் கலக்காத கான்கிரீட்டிலும் வலிமை குறையும். அப்படியானால் 60-இல் வலிமையை இறக்கியது தூளா, தண்ணீரா? இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது.

மாணவி எதையும் மறைக்கவில்லை. மூன்றையும் நேர்மையாக எழுதியிருக்கிறார். இடையில் கிடந்த பக்கங்கள்தான் மறைத்துவிட்டன, அவரிடமிருந்தும் சேர்த்து. அமைப்பு என்றால் வெறும் அலங்காரம் என்று நினைக்கும் ஆசிரியர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான்.

இதைக் கடிதத்தில் உடைத்துச் சொல்லிவிடலாமா? சொல்லாமல் வழி காட்டுவதே மேல் என்பது என் கட்சி: "22, 33, 41-ஆம் பக்கங்களின் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. ஸ்லம்ப் ஏன் ஏறியது என்று யோசி." இவ்வளவு போதும். தானே கண்டுபிடித்த ஓட்டையை வைவாவில் அவரே பேசுவார். ஆசிரியர் எழுதிக் கொடுத்த வரியை ஒப்பிப்பார், அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

நடையைக் காட்ட ஒரே ஒரு பத்தியை ஆசிரியர் மாற்றி எழுதிக் காட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். மாணவியின் பத்தி, 'கியூப்கள் 28 நாள் தண்ணீரில் ஊற வைக்கப்பட்டு, பின் துடைக்கப்பட்டு, சோதனை இயந்திரத்தில் வைக்கப்பட்டு...' என்று தொடங்குகிறது. மாற்றியது: '40 சதவீதம் வரை மாற்றியபோது 28-ஆம் நாள் வலிமை 27.1-இலிருந்து 29.6 நியூட்டன்/ச.மி.மீ. ஆக உயர்ந்தது (அட்டவணை 4.3).' முடிவு முதல் வரியில், ஆதாரம் அடைப்புக்குள், காரணம் அடுத்த வரியில். ஊற வைத்த கதைக்கு மூன்றாம் அத்தியாயம் இருக்கிறது.

எழுத்துப் பிழைகளை இந்தச் சுற்றில் விட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் காணாமல் போகப்போகிற பத்தியில் காற்புள்ளி திருத்துவது இருவருக்கும் வீண் வேலை. அதையும் கடிதத்தில் சொல்லிவிட்டால், சிவப்பு மை இல்லாத பக்கமெல்லாம் சரியான பக்கம் என்று அவர் நினைக்கமாட்டார்.

கடைசிப் பத்தி தேதிகளோடு முடியட்டும்:

"திங்கட்கிழமை வரும்போது ரிப்போர்ட் வேண்டாம், அந்தத் தனித் தாளை மட்டும் கொண்டு வாம்மா. 60 சதவீதக் கலவையை 0.50 விகிதத்திலேயே, சூப்பர் பிளாஸ்டிசைசர் போட்டு மறுபடி மூன்று கியூப் வார்க்க லேபில் சொல்லி வைத்திருக்கிறேன். ரிவ்யூவுக்குள் 28 நாள் கிடைக்காது, 7-ஆம் நாள் அளவுதான் கிடைக்கும். அதை உன் பழைய 7-ஆம் நாள் அளவோடு மட்டும் ஒப்பிடு. அதுவும் முடியாமல் போனால், 60 சதவீத முடிவுக்குக் கீழே தண்ணீர் கூடியதை ஒரு வரி எழுதிவிட்டு, உன் முடிவுரையை 40 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்."