பானிபூரிக்காரரின் ஒரு நிமிடப் படம்

பானிபூரி வண்டிக்காரர் தன் தயாரிப்பைக் கைபேசியில் படமெடுத்து ஷார்ட்ஸாகவோ ரீல்ஸாகவோ வெளியிடும்போது, பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஐஸ் எப்படிப்பட்டது, பூரியை உடைக்கும் கை அதற்கு முன் எதைத் தொட்டது என்பவை அந்தக் கேள்விகள். பஜ்ஜிக் கடையில் இவை அவ்வளவாக எழுவதில்லை. பஜ்ஜி கொதிக்கும் எண்ணெயிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்துவிடுகிறது. பானிபூரியில் எண்ணெயில் பொரிவது பூரி மட்டும்தான். புதினாத் தண்ணீரைக் கலந்த பிறகு யாரும் கொதிக்க வைப்பதில்லை. உருளைக்கிழங்கு வெந்ததுதான் என்றாலும், ஆறிய பிறகு கையால் பிசைந்து மாலை முழுவதும் வண்டியில் வைக்கிறார்கள்.

டைபாய்டு, காலரா, ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள்காமாலை ஆகியவற்றின் கிருமிகள் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர் வழியாகவும் கழுவாத கை வழியாகவும்தான் பரவுகின்றன. ஆகவே ஒரு நிமிடப் படத்தில் காட்ட வேண்டியவையும் இந்த இரண்டும்தான். வண்டியின் பளபளப்பையும் அடுக்கி வைத்த பூரியையும் நீளமாகக் காட்டிவிட்டுக் கையையும் தண்ணீரையும் நொடியில் கடந்துபோகும் படங்கள் நிறைய வருகின்றன. பார்க்க அழகாக இருந்தாலும், சந்தேகத்தோடு பார்ப்பவருக்கு அவற்றால் ஒன்றும் தெளிவதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். காய்ச்சிய தண்ணீர் என்றால், தண்ணீர் தளதளவென்று கொதிப்பதும், அதே பாத்திரத்தை மூடி ஆறவைப்பதும் படத்தில் வர வேண்டும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். அதன் பிறகு திறந்து வைப்பதிலும், கையை விட்டு மொண்டு எடுப்பதிலும்தான் தண்ணீர் மறுபடியும் கெடுகிறது. கேன் தண்ணீர் என்றால், வாயில் ஒட்டியிருக்கும் சீலைக் கேமராவுக்கு முன்னால் கிழித்துப் பானையில் ஊற்றினால் போதும். இதற்கு நான்கைந்து நொடி ஆகும். பேச்சே தேவையில்லை.

ஐஸ் கொஞ்சம் சிக்கலானது. மீனையும் காய்கறியையும் குளிர்விக்கும் ஐஸைச் சாப்பிடும் ஐஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல் அறிவுறுத்தியது. ஆனால் சாக்கில் கட்டி வந்து கடப்பாறையால் உடைபட்ட ஐஸ்கட்டி நீலமாக இல்லை என்பதாலேயே வாடிக்கையாளர் நிம்மதி அடைந்துவிட மாட்டார். அந்த ஐஸ் தண்ணீருக்குள் விழாமலே தண்ணீரைக் குளிர்விக்க எளிய வழி உண்டு. புதினாத் தண்ணீர் இருக்கும் எவர்சில்வர் பானையைப் பெரிய டப்பா ஒன்றுக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸைக் கொட்டி, பானையை மூடிவிடுவது. உருகிய ஐஸ் பானைக்கு வெளியே தேங்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ் மிதக்காது. இதை மேலிருந்து ஒருமுறை காட்டிவிட்டால், ஐஸ் எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

இனி கை. சோப்புப் போட்டு 20 நொடி தேய்க்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அதை முழுவதும் காட்டினால் படத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும் என்பதால் தேய்க்கும் பகுதியைச் சுருக்குவதில் தவறில்லை. வெட்டக் கூடாத இடம் அதற்குப் பிறகு வருகிறது. கழுவிய கை குழாயைத் திருகி மூடினால், கழுவுவதற்கு முன் அதே குழாயைத் தொட்டபோது ஒட்டிய அழுக்கு மீண்டும் விரலுக்கு வந்துவிடும். ஆகவே முழங்கையால் தள்ளி மூடும் பிடிக்குழாய் பொருத்திய கேன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உதவியாளர் தண்ணீர் ஊற்றட்டும். கழுவி முடித்த கை, வேறு எதையும் தொடாமல், ஈரத்தை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுக் கரண்டியைப் பிடிக்கும் வரை ஒரே ஓட்டமாகப் படம் ஓட வேண்டும். இந்த ஆறேழு நொடிகளுக்குள் காட்சி மாறினால், நடுவில் கை வேட்டியில் துடைக்கப்பட்டதோ, கைபேசியைத் தொட்டதோ என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அப்படி நினைப்பதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கையுறை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. கையுறையோடு பூரி எடுத்து, அதே கையுறையோடு ரூபாய்த் தாளை வாங்கி, மறுபடியும் பூரிக்குப் போகும் காட்சியைத் தெருவில் அடிக்கடி பார்க்கலாம். வெறுங்கையில் பிசுபிசுப்புத் தெரிந்தால் கழுவத் தோன்றும். கையுறைக்குள் அந்த உணர்வு வராது. ஆகவே படத்தில் காட்ட வேண்டியது கையுறையைவிடப் பணம் போகும் வழிதான். வலது கை உணவுக்கு, இடது கை காசுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரே டப்பாவில் போட்டுச் சில்லறை எடுத்துக்கொள்ளும்படி விடலாம். இப்போது பெரும்பாலான வண்டிகளில் கியூஆர் அட்டை தொங்குகிறது. வாடிக்கையாளர் அதை ஸ்கேன் செய்வதும், விற்பவரின் கை பூரியிலேயே இருப்பதும் ஒரே சட்டத்துக்குள் தெரியுமாறு கேமராவை வைத்தால் மூன்று நொடியில் விஷயம் முடிந்தது.

பரிமாறும் காட்சிதான் படத்தின் உயிர். கட்டைவிரலால் பூரியை ஓட்டையிட்டு, பிடித்த விரல்களோடு தண்ணீருக்குள் முக்கி எடுப்பது பழைய வழக்கம். ஒரு பூரி முங்கும்போதெல்லாம் விரல்களும் முங்குகின்றன. மாலையில் நூறு பேர் சாப்பிட்டால் பானைத் தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு முறை கையைக் கழுவியிருக்கும். கரண்டியின் காம்பால் பூரியைத் தட்டி உடைத்து, மசாலாவை ஸ்பூனால் வைத்து, நீளக் கைப்பிடிக் கரண்டியாலோ பானையில் பொருத்திய குழாயாலோ தண்ணீர் விட்டுத் தொன்னையில் தருவதற்கு வேகம் சற்றுக் குறையும். பழகிவிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒரு தட்டுக்கு வேண்டிய ஆறு பூரியும் வெட்டில்லாமல், வேகம் கூட்டாமல், வழக்கமான வேகத்திலேயே படத்தில் ஓடட்டும். இருபது நொடிக்குள் அடங்கும்.

மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வண்டியின் படம் ஏறக்குறைய இப்படி அமையும். கேன் சீல் கிழிவதும் தண்ணீர் விழுவதும் ஐந்து நொடி. மிக்சி ஜாரில் புதினா, கொத்தமல்லி, பச்சைமிளகாய் அரைபட்டுப் பானையில் கரைவது ஏழு நொடி. ஐஸ் டப்பாவுக்குள் பானை இறங்குவது நான்கு நொடி. கை கழுவிக் கரண்டி பிடிப்பது பத்து நொடி. பரிமாறுவதும் கியூஆர் அட்டையும் இருபத்தைந்து நொடி. கடைசி மூன்று நொடிக்கு வண்டியில் ஒட்டியிருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. பலரும் ஒலியை அடக்கி வைத்துக்கொண்டே பார்ப்பதால், ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு மூன்று சொற்கள் எழுத்தில் வந்தால் நல்லது. ‘இன்று உடைத்த கேன்’, ‘ஐஸ் வெளியே, பானி உள்ளே’ என்ற அளவே போதும்.

அந்த எழுத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘நாங்கள் கலர் சேர்ப்பதில்லை’ என்று எழுதுவது தன்னைப் பற்றிய கூற்று போலத் தோன்றும். படிப்பவர் காதில் அது ‘மற்றவர்கள் சேர்க்கிறார்கள்’ என்றுதான் விழுகிறது. 2024-ல் கர்நாடகத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்த பானிபூரி மாதிரிகள் சிலவற்றில் செயற்கை நிறமிகள் இருந்தது செய்தியானபோது, அடி வாங்கியது அந்தச் சில கடைகள் மட்டுமல்ல. ஒரு தப்பும் செய்யாத வண்டிக்காரர்களும்தான். வாடிக்கையாளர் மனதில் ‘அந்தக் கடை, இந்தக் கடை’ என்ற பிரிவே கிடையாது. ‘பானிபூரி’ என்ற ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. பக்கத்து வண்டியைப் பற்றிக் கிளப்பும் சந்தேகம் சொன்னவரின் வண்டிக்கும் வந்து சேரும். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. உணவு விளம்பரங்கள் பற்றிய 2018-ஆம் ஆண்டின் எஃப்எஸ்எஸ்ஏஐ விதிமுறைகள், தன் பொருளை விற்பதற்காகப் பிறர் பொருளைத் தாழ்த்திப் பேசுவதை அனுமதிப்பதில்லை.

கலர் விஷயத்தைச் சொல்லாமலே காட்ட முடியும். புதினா இலை ஜாருக்குள் போவதிலிருந்து பானையில் கரைவது வரை தொடர்ச்சியாகப் படமெடுத்தால் நிறம் எங்கிருந்து வந்தது என்பது தானே விளங்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். புளியோ எலுமிச்சையோ சேர்ந்ததும் இலையின் பச்சை மெல்ல மங்கி, ஆலிவ் காய் நிறத்துக்குத் திரும்பும். புளிப்பு, இலைப் பச்சையத்தை மாற்றுவதால் இயல்பாக நடப்பது இது. அந்த மங்கிய நிறம் பிடிக்காமல், கைபேசியின் ஃபில்டரில் பச்சையைத் தூக்கிக் காட்டுகிறார்கள் சிலர். அப்புறம் வண்டிக்கு வருபவர் தொன்னையில் வேறு நிறத்தைப் பார்க்கிறார். நம்பிக்கைக்காக எடுத்த படமே அதைக் குலைத்துவிடுகிறது. நிறத்தைத் திருத்தும் எந்த வசதியையும் இந்தப் படத்தில் தொடக் கூடாது.

பின்னணியும் முக்கியம். பக்கத்து வண்டியின் கழுவாத தட்டோ, ஈ மொய்க்கும் குப்பையோ சட்டத்துக்குள் வந்தால், ஒரு சொல்லும் பேசாமலே அது குறைகூறல் ஆகிவிடும். கேமராவைத் தன் வண்டியின் பலகையளவுக்கு நெருக்கி வைப்பதே இதற்குத் தீர்வு. நெருங்கினால் கையும் நன்றாகத் தெரியும். ‘சுத்தமான இடத்தில் மட்டும் சாப்பிடுங்கள்’ என்ற அறிவுரையும் வேண்டியதில்லை. அதுவும் பக்கத்து வண்டியை நோக்கித்தான் விரல் நீட்டுகிறது.

பதிவு எண்ணைக் காட்டுவதிலும் அளவோடு இருக்க வேண்டும். 14 இலக்கமுள்ள அந்த எண், வண்டிக்காரர் துறையிடம் பதிவு செய்திருக்கிறார் என்பதைச் சொல்கிறது. அது சுத்தத்துக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல. ‘அரசு அங்கீகரித்த சுத்தமான பானிபூரி’, ‘நூறு சதவீதம் பாதுகாப்பு’ என்றெல்லாம் எழுதினால், காட்ட முடியாததைக் கூறுவதாகிவிடும். கிருமி கேமராவில் தெரியாது. கேன் தண்ணீர் எவ்வளவு சுத்தமானது என்பதையும் படத்தால் நிரூபிக்க முடியாது. கையும் பாத்திரமும் எந்த வழியில் போயின என்பதை மட்டுமே அதனால் சொல்ல முடியும்.

படத்துக்குச் சோதனை வண்டியடியில்தான் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருபவர் முதலில் கரண்டியைத் தேடுகிறார், பிறகு கை கழுவும் கேனை. சனிக்கிழமை இரவுக் கூட்டத்தில் வேகத்துக்காகக் கையை முக்கத் தொடங்கினால் அன்றைக்கே அது தெரிந்துவிடும். எனவே கூட்ட நேரத்திலும் கடைப்பிடிக்க முடிந்ததை மட்டும் படமெடுப்பதே சரி. முதலாளி எடுத்த படத்தில் இருப்பதை உதவிக்கு நிற்கும் பையனும் அப்படியே செய்யப் பழகியிருக்க வேண்டும். தண்ணீர் வாங்கும் இடம் மாறினாலோ, கேனிலிருந்து காய்ச்சிய தண்ணீருக்குப் போனாலோ பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். எடுத்த மாதத்தையும் ஆண்டையும் ஓரத்தில் எழுதிவிட்டால், பார்ப்பவர் அது எப்போதைய வழக்கம் என்று தெரிந்துகொள்வார்.